துண்டு வாக்கியம், அடைப்புக்குறிப் பேச்சு, சின்னச் சின்னக் குறை: எழுத்துக்கு உயிர் தருவது எங்கே, காலை வாரிவிடுவது எங்கே?

மருதாணி

ஒரு பக்கத் துண்டறிக்கை. வாட்ஸ்அப்பிலும் போகும், அச்சிலும் போகும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டிலேயே உப்பு-சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். படிக்கப் போவது கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள், பாட்டிகள். இரண்டு வடிவம் கையில் இருக்கிறது.

வடிவம் 1:
"வயிற்றுப்போக்கினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு உடலில் ஏற்படும் நீரிழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, கொதிக்க வைத்து ஆறவைக்கப்பட்ட ஒரு லிட்டர் குடிநீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை மற்றும் அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்து தயாரிக்கப்பட்ட கரைசல் வழங்கப்பட வேண்டும்."

வடிவம் 2:
"குழந்தைக்கு வயித்தால போகுதா? பதறாதீங்க! (நாம எல்லாம் இதைப் பாக்காமலா வளர்ந்தோம்!) ஒரு பாத்திரம் தண்ணி... கொதிச்சு ஆறினது. அதுல ஒரு ஆறு ஸ்பூன் சக்கரை. உப்பு கொஞ்சம்... அரை ஸ்பூன் போதும். சக்கரை கூடிட்டா போக்கு அதிகமாகுமாம். கூல்டிரிங்ஸ், டப்பா ஜூஸ், குளுக்கோஸ் கிளுக்கோஸ்..."

முதலாவதை யாரும் முழுசாகப் படிக்க மாட்டார்கள். இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது, ஆனால் எங்கேயோ இடிக்கிறது. எந்த வரி இடிக்கிறது, ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காடு

வடிவம் 2-ஐயே போடுங்க அக்கா. சின்னக் குறை இருந்தாதான் எழுதினது ஒரு ஆள்னு தெரியும். வழவழன்னு இருக்கிற எழுத்தை யாரும் நம்புறதில்ல. இதை ஆராய்ச்சி பண்ணியே சொல்லியிருக்காங்க. கெட்டிக்காரன் ஒருத்தன் காபியைக் கொட்டிக்கிட்டா அவன் மேல ஜனங்களுக்குப் பிரியம் கூடுதாம். அதனால தப்பு இருக்கட்டும், புள்ளி விட்டுப்போகட்டும், பேச்சு அப்படியே வரட்டும். திருத்தத் திருத்த எழுத்து செத்துப்போகும்.

ஒற்றெழுத்து

கரிசல்காடு சொல்லும் ஆய்வு எலியட் அரான்சனும் உடன் இருந்தவர்களும் 1966-ல் வெளியிட்டது. அதில் இன்னொரு பாதி இருக்கிறது, இங்கே நமக்கு வேண்டியது அந்தப் பாதிதான். வினாடி-வினாவுக்குத் தேர்வாக வந்த ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பதிவில் அவர் 92 சதவீதம் சரியாகச் சொல்கிறார், இன்னொன்றில் 30 சதவீதம். 92 எடுத்தவர் காபியைக் கொட்டிக்கொண்டபோது அவரைப் பிடித்துப்போனது. 30 எடுத்தவர் அதே காபியைக் கொட்டியபோது இருந்த மதிப்பும் குறைந்தது. ஆள் விஷயம் தெரிந்தவர் என்று முன்பே பட்டிருந்தால்தான் குறை அழகாகிறது. துண்டறிக்கை கையில் வரும்போது எழுதியவர் யார் என்றே அந்த அம்மாவுக்குத் தெரியாது. அந்த நிலையில் முதல் வரியிலேயே காபியைக் கொட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இனி வடிவம் 2-க்கு வருவோம். இடிக்கும் இடங்கள் நான்கு. நான்கும் பேச்சில் ரொம்ப இயல்பானவை என்பதால்தான் கண்ணுக்குத் தப்புகின்றன.

"ஒரு ஆறு ஸ்பூன்." நாம் பேசும்போது எண்ணுக்கு முன்னால் ஒரு "ஒரு" சேர்த்தால் அது கிட்டத்தட்ட என்றாகிவிடும். "ஒரு பத்துப் பேர் வந்தாங்க" என்றால் யாரும் தலையை எண்ணியிருக்க மாட்டார்கள். ஆகவே "ஒரு ஆறு ஸ்பூன்" என்பதைப் படிப்பவர் ஐந்தும் போடுவார், எட்டும் போடுவார். கலியாணப் பந்தியைப் பற்றி எழுதும்போது இந்த "ஒரு" எழுத்துக்கு உயிர் தரும். இங்கே அளவை அழித்துவிடுகிறது.

"அதிகமாகுமாம்." இந்த "ஆம்" வந்து ஒட்டிக்கொண்டால், நான் கேள்விப்பட்டேன், பொறுப்பு என்னுடையது இல்லை என்று பொருள். சில இடங்களில் எனக்கே நம்பிக்கையில்லை என்ற தொனியும் கூடவே வரும். ஊர்க்கதை சொல்லும்போது அதைப் போல ருசியான விகுதி வேறில்லை. எச்சரிக்கையின் கடைசியில் வந்தால் எச்சரிக்கையே தளர்ந்துபோகிறது. "அதிகமாகும்" என்று நிறுத்துங்கள், போதும்.

"உப்பு கொஞ்சம்... அரை ஸ்பூன் போதும்." மூன்று புள்ளி பேச்சில் ஒரு இழுவை. தாளில் அது "இங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது" என்று படிக்கப்படும், அதிலும் வாட்ஸ்அப்பில் வந்தால் கட்டாயம் அப்படித்தான். தவிர "கொஞ்சம்" முதலில் வந்துவிட்டதால் கண் அதிலேயே நின்றுவிடும்.

நான்காவதுதான் ஆபத்தானது. "கூல்டிரிங்ஸ், டப்பா ஜூஸ், குளுக்கோஸ் கிளுக்கோஸ்..." கொடுக்கலாமா, கூடாதா? தமிழில் ஆம், இல்லை இரண்டையும் வினைதான் சுமக்கிறது, வினையோ கடைசியில் வருகிறது. துண்டு வாக்கியம் என்று வினையை வெட்டும்போது "கூடாது" என்பதும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். எழுதியவருக்குத் தன் முகபாவம் தெரியும், படிப்பவருக்கு அது தெரியாது. வரிசையாகப் பேர் சொன்னதால் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள நன்றாகவே இடம் இருக்கிறது.

கரிசல்காடு

92, 30 கணக்கு எனக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். ஆனா துண்டு வாக்கியமே ஆகாதுன்னா மறுபடி வடிவம் 1-க்கில்ல போய் நிக்கும்?

ஒற்றெழுத்து

ஆகாது என்று நான் சொல்லவில்லை. எந்தத் துண்டு என்பதுதான் கேள்வி. தமிழில் பெயர்ச்சொல்லே பயனிலையாக வரும்போது வினை இல்லாமலும் அது முழு வாக்கியம்தான். "அவர் டாக்டர்." "தண்ணீர் ஒரு லிட்டர்." "உப்பு அரை டீஸ்பூன்." இவற்றில் எதுவும் குறையவில்லை, ஆனாலும் குட்டையாக, பேசுகிற மாதிரி இருக்கின்றன. அளவு சொல்ல இதைவிட நல்ல வடிவம் கிடையாது. செய், செய்யாதே என்று ஏவும் வாக்கியத்தில் மட்டும் வினையை வெட்டக்கூடாது.

இன்னொரு வகையும் உண்டு, அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வினை முடிந்த பிறகு ஒரு சொல்லை வாலாகத் தொங்கவிடுவது. "மறுபடி கொடுங்கள், மெதுவாக." "கலக்கிவிட்டு ருசி பாருங்கள், நீங்களே." வினை ஏற்கெனவே வந்துவிட்டதால் பொருள் கெடாது, பேசும் ஆளும் தெரிவார். இப்படி ஒரு வால் பக்கத்துக்கு இரண்டு வரலாம். அதற்கு மேல் போனால் பாவனையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

மாத்திரைப்பெட்டி

மொழி பற்றி ஒற்றெழுத்து சொல்லிவிட்டார். நான் கரைசலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த வரி தளரலாம், எது தளரக்கூடாது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

1 லிட்டர் தண்ணீர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. இதில் உப்பு கூடினால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறும், வலிப்பு வரைக்கும் போகலாம். சர்க்கரை கூடினால் அது உடம்பிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுக்கும், போக்கு இன்னும் மோசமாகும். குளிர்பானமும் டப்பா ஜூஸும் வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான். தண்ணீர் குறைந்தால் இரண்டு தீங்கும் சேர்ந்து வரும். ஆக மூன்று எண்ணும் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும்.

வடிவம் 2-இல் "ஒரு பாத்திரம்" என்பது எந்தப் பாத்திரம்? "ஸ்பூன்" என்பது எந்த ஸ்பூன்? வீட்டில் சாப்பிடும் ஸ்பூன் டீஸ்பூனைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொள்ளும். வடிவம் 1-இல் தேக்கரண்டி என்று சரியாக இருக்கிறது, ஆனால் தலைதட்டி என்று இல்லை. குவித்து அள்ளினால் அதுவும் போச்சு. 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலையும், ஒரு டீஸ்பூனுக்குச் சிரப் பாட்டிலோடு வரும் 5 மில்லி கோடு போட்ட மூடியையும் சொல்லுங்கள். இரண்டும் பல வீடுகளில் இருக்கும்.

அடைப்புக்குறியில் "நாம எல்லாம் இதைப் பாக்காமலா வளர்ந்தோம்" என்று போட்டிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். துணைக்கு ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை என்று அது சொல்லிவிடுகிறது. கண் குழிந்து, குடிக்கக்கூட முடியாமல் துவண்டு கிடக்கும் குழந்தையின் அம்மாவுக்கு அந்த வரி போய்ச் சேரக்கூடாது.

அதே இடத்தில் வேறொரு பக்கப் பேச்சு வரலாம். உப்பைக் கரைத்ததும், சர்க்கரை போடுவதற்கு முன்னால், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணீரை விடக் கரிக்கக்கூடாது. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் காலங்காலமாகச் சொல்லித் தரும் சோதனை இது. அளவில் தவறு நடந்திருந்தாலும் கடைசி நிமிடத்தில் பிடித்துவிடலாம். சர்க்கரை போட்ட பிறகு நக்கிப் பார்த்தால் இனிப்பு கரிப்பை மறைத்துவிடும், அதனால் எழுதும் வரிசையிலும் உப்பு முதலில் வரட்டும். உங்கள் இரண்டு வடிவத்திலுமே சர்க்கரைதான் முதலில் இருக்கிறது.

ஒற்றெழுத்து

மேலே சொன்ன கண்ணீர் வரியை எல்லோரும் கவனியுங்கள். அதுவும் ஒரு பக்கப் பேச்சுதான், எண் கிடையாது, முறையான அளவும் கிடையாது. ஆனால் படிப்பவரின் கை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. "பாக்காமலா வளர்ந்தோம்" என்பதோ எழுதியவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. எதை வைப்பது, எதை எடுப்பது என்று தடுமாறும்போது இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

வைக்கும் இடமும் முக்கியம். தமிழில் படிப்பவர் எழுவாயைக் கையில் பிடித்துக்கொண்டு வினை எப்போது வரும் என்று காத்திருப்பார். நடுவில் அடைப்புக்குறியைத் திறந்தால் அவர் காத்திருக்கும் தூரம் நீளும். "கலக்கிய கரைசலை (நேற்றுக் கலக்கியது மிச்சம் இருந்தாலும், பிரிட்ஜில் வைத்திருந்தாலும் சரி) 24 மணி நேரத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது" என்றால் "கூடாது" வருவதற்குள் பாதிப் பேர் "சரி" என்ற சொல்லில் நின்றுவிடுவார்கள். வாக்கியத்தை முடித்துவிட்டு, அடைப்புக்குறி இல்லாமல், அடுத்த சிறு வாக்கியமாகச் சொல்லுங்கள்: "24 மணி நேரம் தாண்டினால் கொடுக்கக்கூடாது. பிரிட்ஜில் வைத்திருந்தாலும் கூடாது."

புள்ளிமயில்

பிழை திருத்தும் செயலி ஏதாவது பயன்படுத்தினாலே இதெல்லாம் சரியாகிவிடுமே? ஒற்றுப் பிழை, ல-ள-ழ எல்லாம் அதுவே காட்டிவிடும். எதற்கு இவ்வளவு யோசனை?

ஒற்றெழுத்து

கேள்வி அதுவல்ல என்றாலும், கரிசல்காடு "புள்ளி விட்டுப்போகட்டும்" என்று சொன்னதால் ஒரு வார்த்தை. எழுத்துப் பிழை ஒருபோதும் அன்யோன்யம் தராது. "வேலை கொடு" என்றால் உத்தியோகம் கொடு, "வேலைக் கொடு" என்றால் கையிலிருக்கும் வேலாயுதத்தைக் கொடு. "தந்த பலகை" கொடுத்த பலகை, "தந்தப் பலகை" யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு ஒற்று மாறினால் பொருளே மாறிவிடுகிறது. ஒற்று விட்டுப்போனதைப் பலர் கவனிக்காமல் போகலாம். கரைக்கும் கறைக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருந்தால் நிச்சயம் கவனிப்பார்கள், எழுதியவருக்கு உப்பளவு மட்டும் எப்படித் தெரியும் என்றும் நினைப்பார்கள். பேச்சின் இலக்கணத்தை எழுத்துக்குள் கொண்டுவருவது வேறு, எழுத்தின் இலக்கணத்தைக் கோட்டை விடுவது வேறு.

பனங்கிழங்கு

நான் யாழ்ப்பாணம். ஒரு விசயம் ஒருதரும் சொல்லேல்லை. "பதறாதீங்க", "பாக்காமலா", "கூடிட்டா" எண்டு பேச்சை அப்பிடியே எழுதினால் அது தமிழ்நாட்டாளின்ர பேச்சு. இஞ்ச வாசிக்கிற அம்மாவுக்கு அது சினிமாவிலை வாற ஆள் கதைக்கிற மாதிரித்தான் இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா கதைக்கிற மாதிரி இராது. நாங்கள் எழுதேக்கை வயிற்றோட்டம் எண்டு எழுதுவம். நீங்கள் நெருக்கம் எண்டு நினைச்சுச் செய்யிறது இன்னொரு ஊருக்கு விலகலாய்ப் போகும். தமிழ்நாட்டுக்குள்ளையே நாகர்கோவிலும் கோயம்புத்தூரும் ஒரே மாதிரியே கதைக்கினம்? வாட்ஸ்அப்பிலை விட்டால் அது எந்த ஊருக்குப் போகும் எண்டு உங்களுக்குத் தெரியாது.

கரிசல்காடு

இது நியாயமான பேச்சு. ஆனா எல்லா ஊருக்கும் பொதுவா எழுதுறேன்னு போனா எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தமிழ்தான் வரும். எங்க பக்கம் ஒரு பாட்டிக்கு "பயப்பட வேண்டாம்"னு எழுதினா அது ஆஸ்பத்திரி போர்டு. "பயப்படாதீங்க தாயி"ன்னா மனுசன். ஊருக்கு ஒரு வடிவம் போடலாமே?

மாத்திரைப்பெட்டி

ஊருக்கு ஒன்று போட்டால் ஊருக்கு ஒரு அளவும் வந்துவிடும் என்று எனக்குப் பயம். யாரோ ஒருவர் நகல் எடுக்கும்போது அரை, ஒன்றாகிவிடும். எண் இருக்கும் பகுதியை ஒரே மாதிரி வைத்து, மேலே இரண்டு வரியை மட்டும் ஊர்ப் பேச்சில் மாற்றலாம் என்றால் சம்மதம்.

மூன்றாம்மாடி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் அடுக்ககச் சங்கத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் கேட்டு அறிவிப்பு எழுத வேண்டும். அதிலும் இப்படிப் பேச்சு நடை வைக்கலாமா? "கட்டணம் கிட்டணம் என்று தொல்லை பண்ணுவதாக நினைக்காதீர்கள்" என்று ஆரம்பித்திருக்கிறேன்.

ஒற்றெழுத்து

"கட்டணம் கிட்டணம்" வேண்டாம். இந்தக் "கி" இரட்டிப்பு ஒன்று, "இத்தியாதி" என்று சொல்லும், இல்லையென்றால் அந்தப் பொருளையே துச்சமாக்கும். "காபி கீபி சாப்பிடுறீங்களா" என்றால் உபசாரம். "படிப்பு கிடிப்பு" என்றால் படிப்பின் மேல் மரியாதை இல்லை. பணம் கேட்கும் கடிதத்தில் நீங்களே கட்டணத்தைத் துச்சமாக்கினால் யார் கட்டுவார்கள்? தொகை, கடைசி நாள், எந்தக் கணக்கு என்ற மூன்றையும் முழு வாக்கியத்தில் முதலில் சொல்லிவிடுங்கள். லிஃப்ட் பழுது எப்போது முடியும் என்று எல்லோரும் உங்களிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அதைப் பற்றி ஒரு வரி கீழே சேருங்கள். அந்த வரிதான் உங்களை ஆளாகக் காட்டும்.

மருதாணியின் துண்டறிக்கையிலும் "குளுக்கோஸ் கிளுக்கோஸ்" இருந்தது. அங்கே கெடுப்பது இத்தியாதிப் பொருள். குளுக்கோஸோடு வேறு என்னென்ன சேரும் என்று படிப்பவரே முடிவு செய்ய வேண்டியதாகிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்து ஒதுக்கிவிட்டால் என்ன செய்வது?

மாத்திரைப்பெட்டி

நல்ல வேளை சொன்னீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பற்றி இரண்டு வடிவத்திலும் ஒரு வார்த்தை இல்லை. பாக்கெட் கிடைத்தால் அதுதான் முதலில், வீட்டுக் கரைசல் அது கிடைக்காதபோதுதான். பாக்கெட்டில் 1 லிட்டருக்கு வருவதும் உண்டு, 200 மில்லிக்கு வரும் சின்னதும் உண்டு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு, ஐந்து மடங்கு கெட்டியாகிவிடும்.

மருதாணி

எல்லாவற்றையும் வைத்து மறுபடி எழுதினேன்:

"குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? வெளியே போகும் தண்ணீரைத் திரும்ப உள்ளே கொடுப்பதுதான் முதல் வேலை.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதையே கலக்குங்கள். எவ்வளவு தண்ணீர் என்று பாக்கெட்டின் மேல் போட்டிருக்கும். 1 லிட்டர் என்று இருந்தால் முழு லிட்டரில்தான் கலக்க வேண்டும். டம்ளரில் கலக்கக்கூடாது.

பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். அதில் உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி. கரைத்துவிட்டு ஒரு சொட்டு ருசி பாருங்கள், நீங்களே. கண்ணீரை விடக் கரிக்கிறதா? கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கரிக்கவில்லை என்றால் சர்க்கரை 6 டீஸ்பூன், தலைதட்டி. சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும்.

ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுங்கள். மறுபடி கொடுங்கள், மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குளிர்பானமும் டப்பா ஜூஸும் கொடுக்கக்கூடாது.

மலத்தில் ரத்தம், கண் குழிவது, குடிக்க முடியாமல் துவண்டு போவது. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி."

ஒற்றெழுத்து

வால் நான்காகிவிட்டது: "நீங்களே", "மெதுவாக", பிறகு இரண்டு இடத்தில் "தலைதட்டி". தலைதட்டியை வாலாக விடாதீர்கள், அது அளவு. "தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு" என்று முன்னால் கொண்டுவாருங்கள். கடைசி வரியில் "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று வினையோடு முடியுங்கள்.

கரிசல்காடு

"உடனே ஆஸ்பத்திரி" அப்படியே இருக்கட்டும். அவசரத்துல யாரும் வினையைத் தேடமாட்டாங்க. அந்த வெட்டுலதான் வேகம் இருக்கு.

மாத்திரைப்பெட்டி

அந்த ஒரு வரியில் கரிசல்காடு பக்கம் நான். அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் "துவண்டு போவது" வரிசையில் கடைசியில் நிற்கிறது, அதை முதலில் வையுங்கள். தவிர, டீஸ்பூன் எது என்று இன்னும் சொல்லவில்லை. 5 மில்லி மூடியைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

பனங்கிழங்கு

இதை இஞ்சயும் குடுக்கலாம். "வயிற்றுப்போக்கு" எண்டதை மட்டும் மாத்த விடுவீங்களோ?